யார் சொல்லி ஏற்றியது

எங்கள் கந்தோரில் எழுதத் தெரிந்தவர்கள் பலர். எழுதுகிற ஆள் நான் ஒருத்திதான்.

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் ஐஸ் கொம்பனி. தீவுகளின் மீனை வாங்கி ஐஸ் போட்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புவது தொழில். முதலாளி கொழும்பில் இருந்தார். இங்கே எல்லாம் மனேச்சர் வைத்திலிங்கம் ஐயாதான். நல்ல மனிதர், ஆனால் வாயால் சொல்லுகிற எதுவும் அவருடைய காதில் ஏறாது. தலையிடி என்று சொன்னாலும், "எழுத்தில தாரும்" என்பார்.

ஆகவே லீவு வேண்டியவர், முற்பணம் வேண்டியவர், சப்பாத்து வேண்டியவர் எல்லாரும் என்னிடம் வருவார்கள். நான் அவர்களுக்காகக் கடிதம் எழுதித் தட்டில் போடுவேன். பிறகு அதே தட்டிலிருந்து அதை வந்த கடிதமாக எடுத்து, முத்திரை குத்தி, ஐயாவின் மேசையில் வைப்பேன். அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பதில் சொல்லுவார். அதை ரைப் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தால், உரியவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீயே வாசி பிள்ளை" என்பார். வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு நான் எனக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஒருமுறை ஐஸ் உடைக்கிற தியாகலிங்கத்தின் லீவை மிக உருக்கமாகக் கேட்டு, மிகக் கடுமையாக மறுத்தவளும் நான்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம், லொறிச் சாரதி குருசுமுத்து அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது, இதுவும் அப்படியொரு கடிதம் என்றுதான் நினைத்தேன்.

நடந்தது இதுதான். குறிகட்டுவான் துறைக்கு நெடுந்தீவு, நயினாதீவு வள்ளங்கள் வரும். எங்கள் லொறி பின்னேரம் அங்கே போய் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும். காற்று எழும்பினால் கடைசி வள்ளம் பிந்தும். பஸ் பிந்தாது. அது தன் நேரத்துக்குப் போய்விடும். அப்படி நிற்கிற சனம் மீன் லொறியில் ஏறி வருவது அந்தப் பக்கத்தில் வழமை. ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் காசு கொடுப்பதில்லை. ஏறுகிறபோது மட்டும் மூக்கைப் பொத்துவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினார்கள். ஆனால் வேலணை வங்களாவடிச் சந்தியில் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பொலிஸ் சார்ஜன் நின்றார். லொறியை மறித்து, ரோர்ச் அடித்து, பெட்டிகளுக்கு மேல் இருந்த சனத்தை ஒவ்வொருவராக எண்ணினார். ஓர் ஆடும் இருந்தது. அதைச் சாமான் என்று விட்டுவிட்டார்.

சாமான் லொறியில், அனுமதித்ததற்கு மேலாக ஆட்களை ஏற்றியது குற்றம். லைசென்ஸ் பொலிஸுக்குப் போனது, வழக்கு ஊர்காவற்றுறைக் கோட்டுக்குப் போனது. குருசு அண்ணை கூண்டில் நின்று, குற்றவாளிதான் ஐயா, தவணை தாங்கோ என்றார். நீதவான் இருநூற்றைம்பது ரூபா தண்டம் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். கட்டாவிட்டால் மறியலில் அடைப்பார்கள். கட்டும் வரை லைசென்ஸ் கோட்டில். லைசென்ஸ் இல்லாத சாரதிக்கு ஓட்டமில்லை, ஓட்டமில்லாத நாளுக்கு எங்கள் கொம்பனியில் சம்பளமும் இல்லை. கூலிக்கு வந்த ஒரு பெடியன் லொறியை ஓட்ட, குருசு அண்ணை முற்றத்து வேப்பமரத்தின் கீழே இருந்து லொறி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மூண்டாம் கியரைக் கொல்லுறான்" என்று மட்டும் சொன்னார்.

"எழுதுவம்" என்றேன் நான். எனக்கு அநியாயம் என்று பட்டுவிட்டால் எழுத்து தானாக ஓடும்.

*முகாமையாளர் அவர்கட்கு. ஐயா, கொம்பனி லொறியில் கொம்பனி வேலையாகச் சென்ற வேளையில் எனக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணம் சம்பந்தமாக இதனை எழுதுகிறேன். துறையில் நிற்கும் சனத்தை ஏற்றிவருவது நான் வேலைக்கு வருமுன்பே இருந்த வழமை என்பதும், அதனை இன்றுவரை எவரும் தடுக்கவில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகையால் அப்பணத்தைக் கொம்பனியே செலுத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.*

"பணிவு கூடிப்போச்சு" என்றார் குருசு அண்ணை.

"பணிவில்லாமல் எழுதினா அவர் வாசிக்கமாட்டார். கையெழுத்தை வையுங்கோ."

கடிதத்தை ஐயா இரண்டு தரம் படித்தார். எழுத்து என்னுடையது என்று அவருக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருப்பது எங்கள் கந்தோரின் மரியாதை.

"இது ஒரு சிக்கலான விசயம் மனோகரி" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குச் சிக்கல் என்றால் கொஞ்சம் சந்தோசம். "பின் லைற் எரியாமல் பிடிபட்டா, ரயர் தேஞ்சு பிடிபட்டா, அது லொறியின்ரை குற்றம். கொம்பனி கட்டும். கடுகதியா ஓடிப் பிடிபட்டா அது றைவரின்ரை குற்றம். றைவர் கட்டவேணும். இது ரெண்டும் இல்லையே."

"அதுதானே ஐயா. ரெண்டுக்கும் நடுவில."

"நடுவில எண்டு ஒரு வவுச்சர் இல்லைப் பிள்ளை."

உண்மைதான். எங்கள் வவுச்சரில் 'யாருடைய உத்தரவின் பேரில்' என்று ஓர் இடம் உண்டு. ஒரு போத்தல் மை வாங்கினாலும் அதில் ஒரு பெயர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பார்க்க வருகிறவர் சிவப்பு மையால் கோடு போட்டு விடுவார், முதலாளி ரெலிபோன் எடுப்பார், ஐயாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

அவர் சாய்ந்திருந்து பதில் சொன்னார். நான் ரைப் பண்ணினேன்.

*தங்கள் கடிதம் கிடைத்தது. வழமை என்பது உத்தரவு ஆகாது. ஆட்களை ஏற்றும்படி சொன்னவர் எவரோ அவரே தண்டப்பணத்துக்குப் பொறுப்பு. கொம்பனி சார்பில் எவரேனும் சொல்லியிருப்பின் பெயரை எழுத்தில் அறியத்தரவும். அவ்வாறு இல்லையெனின் தாங்களே செலுத்தவேண்டும். மேலும், ஏற்றியவர்களிடம் கூலி பெறப்பட்டதா என்பதையும் அறியத்தரவும்.*

கடைசி வரியில் என் விரல் நின்றது. "இது தேவையோ ஐயா?" என்று கேட்டேன்.

"முதலாளி கேப்பார். கேக்கமுன்னம் நாங்கள் கேட்டு வைக்கவேணும்."

வேப்பமரத்தடியில் அதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் குருசு அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"காசு பெரிசில்லைப் பிள்ளை. என்ரை மனிசி றோசம்மாவின்ரை காதுத் தோட்டை ஈடு வைச்சா வெள்ளிக்குக் கட்டிப்போடலாம். ஆனா நான் கட்டினா என்ன அர்த்தம்? நான் களவா ஆக்களை ஏத்தி உழைச்சனான் எண்டுதானே அர்த்தம்? நெடுந்தீவுச் சனத்திட்ட நான் கூலி வாங்கினனான் எண்டு இஞ்சை எழுதிக் கிடக்கும். கட்டவும் மாட்டன். மறியலுக்குப் போறன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ. ஆர் ஏத்தச் சொன்னது எண்டு கேட்டிருக்கிறார். ஆராவது சொன்னதோ?"

அவர் லொறி நிற்கிற இடத்தைப் பார்த்தார். லொறி அங்கே இல்லை.

"சொன்னதோ, இல்லையோ?"

"ஓம், சொன்னதுதான்."

"ஆர்?"

"அதை எழுதேலாது."

நான் விடவில்லை. எனக்கு இரண்டு அக்காமார், மூன்று தங்கச்சிமார். கேட்டதை வாங்காமல் விட்டுப் பழக்கமில்லை. கடைசியில் அவர் கையில் இருந்த சுள்ளியால் மண்ணைக் கீறியபடி சொன்னார்.

"மனேச்சர் ஐயான்ரை மனிசி."

இராசேஸ்வரி அக்கா. அன்றைக்கு நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தா. திரும்பி வரும்போது குறிகட்டுவானிலிருந்து கார் பிடித்து வரச் சொல்லி ஐயா காசு கொடுத்து விட்டிருந்தார். கோயிலடிக் கடையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. கார்க் காசு விளக்காகிவிட்டது. பிந்தி வந்த வள்ளத்தால் இறங்கி, விளக்கும் கையுமாக நின்றபோதுதான் புருசனுடைய கொம்பனி லொறி கண்ணில் பட்டிருக்கிறது.

"நான் அவவை முன் சீற்றில ஏத்தினன். அது சட்டப்படி சரி. பிறகு அவ துறையைப் பாத்திட்டு, 'என்ன குருசு, இவ்வளவு சனத்தையும் இருட்டுக்கை விட்டிட்டே போகப்போறீர், எல்லாரையும் ஏத்தும்' எண்டா. எனக்கு அண்டைக்கு ஏத்த மனமில்லைப் பிள்ளை. வங்களாவடியில பொலிஸ் நிக்கிது எண்டு பஸ்காரன் சொன்னவன். ஆனா மனேச்சர் ஐயான்ரை மனிசி சொல்லேக்கை நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

"இதை அப்பவே சொல்லியிருந்தா!"

"இறங்கேக்கை அவ சொன்னவ, 'இவருக்குத் தெரியக்கூடாது குருசு, காரிலை வந்தனான் எண்டுதான் சொல்லப்போறன்' எண்டு. நானும் ஓம் எண்டிட்டன். ஓம் எண்டால் ஓம்தானே. புருசன் பெண்சாதிக்கு நடுவில நான் கடதாசியோடை போய் நிக்கிறதே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளக்கின் மேலா, அக்காவின் மேலா, இந்த மனிதரின் ஓமின் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. அவர் எழுத விடமாட்டார் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. சரி, எழுதவேண்டாம். கதைக்கக்கூடாது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக் கரம்பொன்னுக்கு மிதித்தேன். ஐயா சந்தைக்குப் போயிருந்தார். இராசேஸ்வரி அக்கா குசினியில் இருந்தா. விளக்கு விறாந்தையில் நின்றது. நல்ல விளக்குத்தான், அதையும் சொல்லவேண்டும்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ, வெள்ளிக்கிழமை குருசு அண்ணை மறியலுக்குப் போறார்."

அகப்பை சட்டிக்குள் விழுந்தது. "ஏன்? என்ன செய்தவர்?"

"உங்களை ஏத்தினவர்."

அக்கா கதிரையில் இருந்தா. "பொலிஸ் மறிச்சது தெரியும். கொம்பனி கட்டியிருக்கும் எண்டல்லோ நினைச்சன். லொறி கொம்பனியின்ரைதானே?"

நான் இரண்டு கடிதங்களையும் நினைவில் இருந்தபடி சொன்னேன். நானே எழுதியவை என்பதால் ஒரு சொல்லும் பிசகவில்லை. கூலி வாங்கினாரா என்ற வரிக்கு வந்தபோது அக்காவின் முகம் மாறிவிட்டது.

"குருசுவையோ? குருசுவைப் பாத்தோ இவர் அப்பிடிக் கேட்டவர்?"

"எழுத்தில கேட்டவர்" என்றேன். கொஞ்சம் எரிகிற இடத்தில் எண்ணெய் விட்டேன் என்பது உண்மைதான். அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஐயா வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இராசேஸ்வரி அக்கா கந்தோருக்குள் வந்தா. நல்ல சேலை உடுத்தி, கையில் துணிப்பையோடு. அந்தக் கந்தோருக்கு அக்கா வந்ததை நான் முன்னே பின்னே கண்டதில்லை. ஐயாவும் கண்டதில்லைப் போலும். எழும்பிவிட்டார்.

"என்ன, வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாரும் சுகம். எனக்கு மனேச்சரோடை ஒரு அலுவல். நீங்கள் இருங்கோ." அக்கா என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் வந்து இருந்தா. "பிள்ளை, எனக்கு ஒரு கடிதம் எழுதவேணும்."

நான் கடதாசியை மெசினில் போட்டேன்.

"முகாமையாளர் அவர்கட்கு எண்டு போடும்."

"இராசேஸ்வரி, இதென்ன கூத்து? சொல்லுறதை வாயாலை சொல்லுமன்."

"வாயாலை சொன்னா உங்களுக்குக் கேக்காதெல்லே." அக்கா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னா. "எழுதும் பிள்ளை. ஐயா, குறித்த நாளன்று குறிகட்டுவானில் நின்ற சனத்தை லொறியில் ஏற்றும்படி சாரதி குருசுமுத்துவிடம் சொன்னவள் நான். அவர் தயங்கினவர். நான் விடவில்லை. ஒருவரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. முன் சீற்றில் இருந்து நான் பார்த்தனான். கார் பிடிக்கத் தந்த காசுக்கு நான் விளக்கு வாங்கிவிட்டேன். அதையும் மறைத்துவிட்டேன். குருசுமுத்துவிடமும் மறைக்கச் சொன்னேன். ஏற்றச் சொன்னவரே பொறுப்பு என்று தாங்கள் எழுதியபடி, தண்டம் என்னைச் சேரும். இப்படிக்கு, இராசேஸ்வரி வைத்திலிங்கம்."

அக்கா கையெழுத்து வைத்து, கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டுபோய், தட்டில் போட்டா. ஐயாவின் மேசைக்கும் தட்டுக்கும் நாலடிதான். பிறகு துணிப்பையைத் திறந்து குத்துவிளக்கை எடுத்து மேசையில் வைத்தா.

"என்னட்டைக் காசில்லை. இதை வித்துக் கட்டுங்கோ."

என் வேலை என் வேலைதானே. நான் தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, முத்திரை குத்தி, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஐயா அதை நீண்ட நேரம் படித்தார். அது அவ்வளவு நீளமான கடிதம் இல்லை. நான் பதிலுக்குக் கடதாசி போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் யன்னலால் எட்டிப் பார்த்து, "குருசு, இஞ்சை வாரும்" என்றார்.

குருசு அண்ணை வாசலில் வந்து, அக்காவைக் கண்டதும் தலையைக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் மெசினின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இவ சொன்னதெண்டு ஏன் எழுதேல்லை?"

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன் ஐயா."

"ஆருக்கு?"

"அக்காவுக்கு."

"சரி. வேறை ஆரும் நிண்டு, ஏத்தும் குருசு எண்டு சொல்லியிருந்தா நீர் ஏத்தியிருப்பீரோ? உண்மையைச் சொல்லும்."

குருசு அண்ணை யோசித்தார். "அண்டைக்கு ஏத்தியிருக்கமாட்டன். பொலிஸ் நிக்கிற கதை தெரியும். உங்கடை மனிசி எண்டபடியால்தான் ஏத்தினனான்."

ஐயா வவுச்சர்ப் புத்தகத்தை இழுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. தானே பேனையை எடுத்து எழுதினார். நான் வேலைக்கு வந்த நாள் தொட்டு அவர் தன் கையால் வவுச்சர் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத்து கொஞ்சம் கோணல்.

"என்ரை பேரைப் போடுங்கோ" என்றா அக்கா.

"வேண்டாம் ஐயா, என்ரை பேரைப் போடுங்கோ. மாதா மாதம் வெட்டுங்கோ" என்றார் குருசு அண்ணை.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கோ."

அவர் வவுச்சரை என் பக்கம் திருப்பினார், பதிய. யாருடைய உத்தரவின் பேரில் என்ற இடத்தில், சி. வைத்திலிங்கம், முகாமையாளர் என்று இருந்தது.

"ஐயா, இது..." என்றேன் நான். கணக்குப் பார்க்கிறவரின் சிவப்பு மை என் கண்ணில் வந்தது. முதலாளியின் ரெலிபோன் காதில் கேட்டது.

"அவர் இராசேஸ்வரிக்கு அடங்கி ஏத்தினவரோ? எனக்கு அடங்கித்தானே ஏத்தினவர். அப்ப உத்தரவு என்ரைதான். முதலாளி கேட்டா நான் சொல்லுறன். எழுத்தில கேட்டா எழுத்தில சொல்லுறன்." கொம்பனிக் காசுப் பெட்டியைத் திறந்து காசை எடுத்து நீட்டினார். பிறகு காசைப் பிடித்தபடியே சொன்னார், "கூலி வாங்கினதோ எண்டு கேட்டது பிழை குருசு. அதுக்கு ஒரு கடிதம் எழுதவேணும்."

"வேண்டாம் ஐயா" என்றார் குருசு அண்ணை அவசரமாக. "இந்தப் பிள்ளைதானே வாசிச்சுக் காட்டவேணும். இப்ப கேட்டதே போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சினால் தெரிந்துவிடும் என்று வவுச்சரில் முத்திரையை இரண்டு தரம் குத்தினேன். ஒருதரம்தான் குத்தவேண்டும்.

மத்தியானத்துக்குள் கோட்டில் பணம் கட்டியாகிவிட்டது. ரசீதை வவுச்சரோடு குத்தினேன். லைசென்ஸ் குருசு அண்ணையின் சேட்டுப் பைக்குள் போய்விட்டது. விளக்கு மட்டும் ஐயாவின் மேசையிலேயே நின்றது. அக்கா அதை மறந்துவிட்டா என்று நான் நினைக்கவில்லை.

பின்னேரம் லொறி புறப்படுகிற நேரம் காற்று எழும்பியது. கூலிக்கு வந்த பெடியன் போய்விட்டான். குருசு அண்ணை ஏறி இருந்து மூன்றாம் கியரைத் தடவிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஐயா யன்னலுக்கு வந்தார்.

"குருசு. வள்ளம் பிந்தும்போலை கிடக்கு."

"ஓம் ஐயா."

"வங்களாவடியில அந்தச் சார்ஜன் நிப்பான்."

"நிப்பான் ஐயா."

ஐயா கடல் பக்கம் பார்த்தார். நான் கடதாசியை மெசினில் போட்டுவிட்டேன். பொது அறிவித்தல், இன்று முதல் லொறியில் ஆட்களை ஏற்றலாகாது, என்று தொடங்குவார் என்று எனக்குத் தெரியும். விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சனம் நிண்டா விட்டிட்டு வராதையும்" என்றார்.

லொறி இரைந்துகொண்டு நின்றது. குருசு அண்ணை வெளியே எட்டி, என்னையும் பார்த்து, அவரையும் பார்த்தார். "எழுத்தில தாறியளோ ஐயா?"

"எழுத்து என்னத்துக்கு?" என்றார் வைத்திலிங்கம் ஐயா. "நான்தான் சொல்லுறனே."

நான் கடதாசியை மெசினிலிருந்து உருவி எடுத்தேன். அதில் ஒரு சொல்லும் இல்லை.